ஏழு நாளில் ரொக்கம்: ஒரு தறியும் ஒரு வாழைத் தோட்டமும்

அவசரச் செலவு என்பது முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வெள்ளிக்கிழமை மாலை கடிதம் வரும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டியாக வேண்டும். அந்த ஏழு நாள் இடைவெளியிலேதான் நம் அங்கத்தினரிற் பலர் தண்டற்காரரின் வாசலை மிதிக்கின்றனர். மிதித்த பின்னர் நூறு நாளைக்கு அவர் நம் வாசலை மிதிக்கிறார்.

தண்டற் கணக்கை ஒருமுறையேனும் காகிதத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. ஆறாயிரம் ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு, நூற்றுக்குப் பதினைந்து வீதம் முன்னதாகவே பிடித்தம் செய்து, 5,100 ரூபாயைக் கையிலே தருவார்கள். பின்னர் நாள் ஒன்றுக்கு அறுபது ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். தொள்ளாயிரம்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே கடன் குறைந்துகொண்டு வருவதால், அந்த நூறு நாளிலும் நம் கையில் சராசரியாக நின்ற பணம் சுமார் 2,550 ரூபாய்தான். அதற்கு மூன்று மாதத்துச் சொச்சத்தில் 900 ரூபாய் வட்டி என்றால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இவ்விதக் கொடுவட்டியைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் அதில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. சட்டம் இருக்கிறது, ஆயினும் அவசரம் வந்த வீட்டில் சட்டப் புத்தகத்தை யாரும் தேடுவதில்லை. அவ்வீட்டுக்கு வேண்டியது அந்த வாரத்தில் வரக்கூடிய ரொக்கம்.

ஆகவே இம்மாதம் ஒரே ஒரு குடும்பத்தின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் நமது சங்கங்கள் போன்றதொரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பருத்திச் சேலை நெய்கிறவர். வீட்டிலே ஒரு குழித்தறி. மனைவிக்குத் தாய் வீட்டு வழியில் வந்த முப்பத்தைந்து சென்ட் நிலத்தில் பூவன் வாழை, ஏழடிக்கு ஏழடி இடைவெளியில் சுமார் முந்நூறு மரம். மகளின் கல்லூரித் தேர்வுக் கட்டணமும் விடுதிப் பாக்கியும் சேர்ந்து ஆறாயிரம் ரூபாய். கீழே வரும் விலைகள் அந்த வாரத்தில், அந்த ஊரில் கிடைத்தவை. வேறு ஊரில், வேறு மாதத்தில் அவை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

அவர்கள் முதலிற் செய்த காரியம் சம்பாத்தியம் அல்ல, செலவைப் பிரித்தது. ஆறாயிரத்தில் தேர்வுக் கட்டணம் 4,200 ரூபாய். அதற்குக் கடைசித் தேதி உண்டு. தவறினால் பெண் தேர்வு எழுத முடியாது. மீதி 1,800 ரூபாய் விடுதிப் பாக்கி. அதற்குக் கடைசித் தேதி ஏதும் எழுதப்படவில்லை. கடிதத்தை இரண்டாம் முறை நிதானமாக வாசித்தபோதுதான் இது தெரிந்தது. பயத்தில் முதல் முறை வாசிக்கிறவர் கண்ணில் மொத்தத் தொகை ஒன்றே படும். விடுதிப் பொறுப்பாளரிடம் தகப்பனார் தாமே தொலைபேசியிற் பேசி, பாக்கிக்கு இரண்டு வாரத் தவணை கேட்டார், கிடைத்தது. இப்பொழுது ஏழு நாளில் வர வேண்டியது 4,200தான்.

இனித் தறியைப் பார்ப்போம். இங்கே நம் நெசவாளர் பெரும்பாலும் ஒரு பிழை செய்கின்றனர். வாரத்துக்கு நான்கு சேலை இறங்கும், சேலைக்கு 750 ரூபாய் கூலி, ஆகவே மூவாயிரம் தறியிலேயே இருக்கிறது என்று எண்ணிவிடுகின்றனர். அந்த மூவாயிரம் ஏற்கெனவே அரிசிக்கும் எண்ணெய்க்கும் உரியது. அவசரத்துக்கு உதவுவது வழக்கத்துக்கு மேல் இறங்கும் சேலை மட்டுமே. அவர் ஐந்தாவது ஒரு சேலையை மட்டும் கணக்கில் வைத்தார். நமக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஒரு வாரத்தில் ஆறு, ஏழு என்று மனக்கோட்டை கட்டுகிறவர் புதன்கிழமையே முதுகு பிடித்துப் படுத்துவிடுவார்.

அந்த ஐந்தாவது சேலை எங்கிருந்து வரும்? நாடாவை வேகமாக ஓட்டுவதனால் அல்ல. ஒரு நாள் முழுதும் தறியில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு நேரம் உண்மையில் நெய்கிறார் என்று கவனித்தால் வியப்பாயிருக்கும். தார் தீர்ந்து எழுந்திருப்பார். அறுந்த இழையைப் பிணைப்பார். ஊடைச் சாயம் ஒன்று குறைந்து, சுற்றும் வரை காத்திருப்பார். நின்ற நேரத்தைக் குறைத்தால் சேலை தானே வரும். ஆகையால் சனிக்கிழமை பகலில் அவர் நெய்வதைக் காட்டிலும் ஊடைத் தார்களைச் சுற்றி வைப்பதிலேயே கவனம் செலுத்தினார். வழக்கமாகத் தார் சுற்றுகிறவர் மனைவி. அவருக்கு அந்த வாரம் தோட்டத்தில் வேலை. மறுநாள் வேண்டிய தார் முழுவதும் முந்தின இரவே கூடையில் நிறைந்திருக்க வேண்டும் என்பதே அவ்வாரத்தின் கட்டுப்பாடு. அதன் பின் காலையில் ஒரு மணியும் மாலையில் ஒரு மணியும் கூடுதலாக உட்கார்ந்தார். அவ்வளவே.

பாவு எவ்வளவு மீதி இருக்கிறது என்பதையும் முதல் நாளே பார்த்துவிட வேண்டும். புதுப் பாவைப் பழைய இழையோடு இழையாய்ப் பிணைத்து, அச்சுக்கு முன் இழுத்து, சீராக ஓட விடுவதற்குள் அரை நாளிலிருந்து ஒரு நாள் போய்விடும். அது வாரத்தின் நடுவில் வந்தால் ஐந்தாவது சேலை இல்லை. நம் நெசவாளருக்கு ஆறு சேலை நீளம் மீதி இருந்தது. அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். இல்லாவிடில் தறியை நம்பாமல், கூடுதல் நேரத்தை முழுவதும் தோட்டத்துக்குக் கொடுத்திருப்பதே புத்திசாலித்தனம்.

அவசரத்தில் நெய்கிற துணி தன் அவசரத்தை ஒளித்து வைக்காது. அங்குலத்துக்கு அறுபது ஊடை விழ வேண்டிய இடத்தில் ஐம்பத்து நான்கு விழுந்தால் சேலை சீக்கிரம் நீளும், கைக்குத் தெரியாது. ஆனால் சங்கத்தில் எண்ணிக்கைக் கண்ணாடியை வைத்துப் பார்க்கிறவருக்கு உடனே தெரியும். அதைவிட மோசமானது பட்டை விழுதல். ஓட்டத்தை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது அடி மாறினால், குறுக்கே ஒரு நெருக்கமான கோடோ ஒரு மெல்லிய கோடோ விழும். விளக்கு வெளிச்சத்தில் அது மறைந்திருந்து, மறுநாள் வெயிலில் துணியைப் பிடித்தால் பளிச்சென்று தோன்றும். கூலியில் பிடித்தம் விழுந்தால் கூடுதல் உழைப்பின் பலன் அங்கேயே போயிற்று. எனவே இரவுக் கூடுதல் நேரத்தில் தாரைச் சுற்றுங்கள். நெசவைப் பகலுக்கு வையுங்கள்.

இங்கே ஒரு வார்த்தை. வீட்டில் மீந்திருக்கும் ஊடை நூலை விற்றால் உடனே காசு ஆகும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த நூல் சங்கத்தின் சொத்து. கணக்கில் எடை இருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

தறியிலிருந்து 750 ரூபாய். மற்றதைத் தோட்டம் தர வேண்டும். வாழை என்றாலே தார்தான் பணம் என்று நினைக்கிறோம். (நெசவாளர் மன்னிக்க; இது வாழைத்தார்.) முற்றாத குலையை அவசரத்துக்கு வெட்டினால் பாதி விலைதான் கிடைக்கும். அதைச் செய்யவே கூடாது. ஆனால் குலையைத் தொடாமலே வாழைத் தோட்டத்தில் விற்கக் கூடிய நான்கு பொருள்கள் உண்டு. அவற்றில் மூன்று, தோட்டத்தின் நன்மைக்காக எப்படியும் நீக்க வேண்டியவை.

சனிக்கிழமை விடியற்காலை அம்மையார் தோட்டம் முழுவதும் நடந்து எண்ணினார். அது மறுதாம்பு கலந்த தோட்டமாதலால் மரங்கள் ஒரே வயதில் இல்லை. இன்னும் பூக்காதவை ஏறக்குறைய இருநூறு. குலை தாங்கி நிற்பவை எழுபது. அண்மையில் குலை வெட்டப்பட்ட மரம் முப்பது. இவ்வெண்ணிக்கை இல்லாமல் வியாபாரம் பேசப் போகக் கூடாது.

முதலில் இலை. குலை விட்ட மரத்தில் இலை அறுப்பது கூடாது. பூ வெளியே வந்த பிறகு வாழை புதிய இலை விடுவதில்லை. இருக்கிற இலைகளைக் கொண்டுதான் காய் பருக்க வேண்டும். அங்கே ஓர் இலையை எடுத்தால் காயிலிருந்து எடுத்ததே ஆகும். பூக்காத மரம் வெயிற் காலத்தில் ஏழு முதல் பத்து நாளைக்கு ஓர் இலை விடும். அதில் மரத்துக்கு ஓர் இலை, அந்த வாரத்துக்கு அவ்வளவுதான், என்று வைத்துக்கொண்டால் பெரிய நஷ்டமில்லை. வாரந்தோறும் அறுப்பதென்றால் அது இலைக்கென்றே வளர்க்கும் தோட்டம். அங்கே குலையின் மேல் ஆசை வைக்கக் கூடாது. எடுக்க வேண்டியது புதிதாக விரிந்த இலை. அதற்குக் கீழே உள்ளவை காற்றில் கிழிந்திருக்கும். கிழிந்த இலையைச் சாப்பாட்டுக் கடைக்காரர் தொடமாட்டார்.

இருநூறு மரத்தில் நூற்று அறுபது நல்ல இலை தேறியது. வெயில் ஏறுமுன் அறுத்து, நிழலிலே வைத்து, நடு நரம்போடு மடித்துக் கட்டி, மேலே நனைத்த சாக்கைப் போர்த்திவிட வேண்டும். வெயில் பட்டால் ஓரம் சுருண்டு நிறம் மாறிவிடும். முழு இலையாகக் கொடுத்தால் இலைக்கு ஐந்து ரூபாய் தருவதாக இலை வியாபாரி சொன்னார், 800 ரூபாய். அம்மையார் அதை ஒப்பாமல், ஊரில் உள்ள இரண்டு சாப்பாட்டுக் கடைகளிலும் ஒரு சமையற்காரரிடமும் கேட்டார். ஞாயிறு முகூர்த்த நாள். சமையற்காரருக்கு நுனியிலை வேண்டியிருந்தது. ஓர் இலையை நறுக்கினால் ஒரு நுனியிலையும் மூன்று ஏடும் கிடைத்தன. நுனியிலை நான்கு ரூபாய் வீதம் 640. 480 ஏடு ஒரு ரூபாய் வீதம் 480. ஆக 1,120 ரூபாய். நறுக்குவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆனால் ஆடியிலோ மார்கழியிலோ முகூர்த்தம் இல்லாத வாரத்தில் இந்த வித்தை பலிக்காது. அப்பொழுது வியாபாரி சொன்னதை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

வாழையிலைக் கறை துணியை விட்டுப் போகாது. இலை அறுத்த கையோடு தறிப் பக்கம் போகாதிருக்கும்படி அம்மையார் கணவரைத் தோட்டத்துக்கே வரவேண்டாம் என்று தடுத்துவிட்டார். ஒரு துளிக் கறை சேலையில் விழுந்தால் தோட்டத்தின் ஒரு நாள் வருமானத்தைத் தறி விழுங்கிவிடும்.

இரண்டாவது பூ. கடைசிச் சீப்பு விரிந்து ஒரு வாரம் ஆன குலையின் நுனியில் தொங்கும் பூவை அறுத்துவிட வேண்டும். அப்படி அறுத்தால் அதற்குப் போகும் சத்து காய்க்குச் சேரும். சீப்புக்குக் கீழே ஒரு சாண் காம்பு விட்டு அறுப்பது வழக்கம். எழுபது குலையில் நாற்பது அந்நிலையில் இருந்தன. நம்மில் பலர் இந்தப் பூவை வரப்பிலே எறிகிறோம், அல்லது கேட்கிறவருக்கு இனாமாகக் கொடுக்கிறோம். திங்களும் செவ்வாயும் உழவர் சந்தையில் ஒன்று பதினைந்து ரூபாய் வீதம் நாற்பதும் விற்றன, 600 ரூபாய்.

உழவர் சந்தைகள் 1999ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கியவை. அங்கே தரகு இல்லை, தராசும் தருகிறார்கள். ஆனால் விற்க அடையாள அட்டை வேண்டும். அதிகாரிகள் பயிரைச் சரிபார்த்து அட்டை தருவதற்கு நாள் பிடிக்கும். அம்மையாரிடம் அட்டை முன்னமே இருந்தது. அவசர வாரத்தில் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் பூ கருகிவிடும்; ஆகவே அட்டை இல்லாத அங்கத்தினர் சும்மா இருக்கும் வாரத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது தண்டு. குலை வெட்டின மரம் நாளாக ஆகத் தண்டு நாரோடி, புளித்த வாடை அடிக்கும்; ஆகவே வெட்டிச் சில நாளுக்குள் உள்ள மரத்தையே எடுக்க வேண்டும். அடியில் இரண்டடி விட்டு வெட்டுவது நல்லது. அந்தக் கட்டையில் உள்ள சத்து பக்கக் கன்றுக்குப் போகும். மேல் மட்டைகளை உரித்து, கடைசி இரண்டு மட்டையை மட்டும் விட்டு, ஓரடித் துண்டாக நறுக்க வேண்டும். மட்டையை முழுவதும் உரித்துவிட்டால் சந்தைக்குப் போவதற்குள் தண்டு கறுத்துவிடும். வெளிப்புறத்தில் சிறு துளைகளும், அவற்றிலிருந்து பிசின் வடிவதும் கண்டால் தண்டுக் கூன்வண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள். அதை விற்பனைக்கு வைக்காமல் அப்புறப்படுத்த வேண்டும். முப்பது மரத்தில் இருபதுதான் தேறின. மரத்துக்கு நான்கு துண்டு, துண்டு பத்து ரூபாய், எண்பது துண்டு, 800 ரூபாய். இதை ஒரே நாளில் விற்க முயலக் கூடாது. மூன்று நாளாகப் பிரித்து, அன்றன்று விற்கக் கூடியதை அன்றன்று வெட்டினார்கள்.

நான்காவது கன்று, பெரிய தொகை இதில்தான் வந்தது. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒரு கன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிட வேண்டும் என்பது வாழை வைத்தவர் யாவரும் அறிந்ததே. அறிந்தும் தள்ளிப்போடுகிறோம். விற்பனைக்குரியது ஈட்டிக் கன்று. அடி பருத்து, இலை கூர்வாள் போலக் குறுகியிருக்கும். சிறு வயதிலேயே அகன்ற இலை விரித்து நிற்பது நீர்க்கன்று; அதை யாரும் வாங்கமாட்டார்கள், வாங்கினாலும் நன்றாக வளராது. கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருப்பது நடவுக்கு ஏற்றது.

கன்று விற்பதற்கு நடுகிறவர் ஒருவர் அந்த வாரத்தில் வேண்டும். இதுவே இவ்வழியின் குறை. அம்மையார் சனிக்கிழமையே இதற்கென்று நான்கு பேரிடம் சொல்லி அனுப்பினார். பக்கத்துக் கிராமத்தில் குழி எடுத்துக் காத்திருந்த விவசாயி ஒருவர் செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தார். அவர் செய்த சோதனையை நாம் பாராட்டுகிறோம்: நான்கைந்து கிழங்கைக் குறுக்கே அரிந்து பார்த்தார். வெள்ளையாக இருந்தால் நல்லது. செம்பழுப்புக் கோடோ புள்ளியோ தெரிந்தால் வாடல் நோய், துளை தெரிந்தால் கிழங்குக் கூன்வண்டு. நுனியில் குறுகிய இலைகள் கொத்தாக நிமிர்ந்து நிற்கும் மரம் ஏதேனும் தோட்டத்தில் உண்டா என்றும் சுற்றிப் பார்த்தார். அது முடிக்கொத்து நோயின் அடையாளம். ஒரு மரம் அப்படி இருந்தது. அதையும் அதைச் சுற்றியிருந்த கன்றுகளையும் அம்மையார் தாமே காட்டி, விற்பனையிலிருந்து ஒதுக்கிவிட்டார். மறைத்திருந்தால் இரண்டு கன்றின் விலை, இருபது ரூபாய், கூடக் கிடைத்திருக்கும். அடுத்த ஆண்டு அந்த விவசாயியின் தோட்டம் போயிருக்கும். நூற்றைம்பது கன்று, பத்து ரூபாய் வீதம், 1,500 ரூபாய், ரொக்கம், களத்திலேயே.

கணக்கைக் கூட்டினால் தறியில் 750, இலையில் 1,120, பூவில் 600, தண்டில் 800, கன்றில் 1,500. ஆக 4,770 ரூபாய். சந்தைக்குச் சரக்கு ஏற்றிப்போன வண்டிக்கும் சில்லறைக்கும் 300 போனது. மீதி 4,470.

இவ்வளவும் ஒரே சீராக வந்ததன்று. ஞாயிற்றுக்கிழமை இரவு கையில் இலைக் காசு ஒன்றே இருந்தது. செவ்வாய் காலை கன்று வாங்குகிறவர் வரத் தாமதமானபோது, தெருமுனைத் தண்டற்காரர் பெயரை வீட்டில் ஒருவர் உச்சரித்ததாகவும் கேள்வி. கன்று விலை போகாதிருந்தால் 2,970 ரூபாயோடு நின்றிருப்பார்கள். அதற்கென்று ஒரு மாற்றையும் முதல் நாளே எண்ணி வைத்திருந்தனர். குறைவதற்கு மட்டும், 1,230 ரூபாய்க்கு மட்டும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஒரு சிறு நகையை வைப்பது என்று தீர்மானம். நாலாயிரத்துக்குக் கடன் வாங்குவதும் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்குவதும் ஒன்றல்ல. நகையைத் துணியில் முடிந்து பெட்டியின் மேல்தட்டில் எடுத்தும் வைத்திருந்தார் அம்மையார்.

அடுத்த மாதமே இதைத் திரும்பச் செய்ய முடியுமா என்று அங்கத்தினர் கேட்கலாம். முடியாது. கன்று எடுத்த தோட்டத்தில் மறுபடி விற்கத்தக்க கன்று வர மாதங்கள் ஆகும். தண்டுக்கு அடுத்த குலைகள் முற்றி வெட்டப்பட வேண்டும். பூ மட்டும் வாரத்துக்கு நாலைந்து வந்துகொண்டிருக்கும். இலையும் வரும், ஆனால் அடுத்தடுத்து அறுத்தால் குலை சிறுக்கும். தறியில் கூடுதல் நேரம் இரண்டு வாரம் தொடர்ந்தால் உடம்பு கேட்காது.

வியாழன் மாலை சங்கத்தில் ஐந்து சேலையும் இறங்கின. ஒன்றிலும் பிடித்தம் இல்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தேர்வுக் கட்டணம் 4,200 கட்டி ரசீது வாங்கியாயிற்று. மீந்த 270 ரூபாய் விடுதிப் பாக்கிக்கென்று தனியே வைக்கப்பட்டது. அதற்கு இன்னும் 1,530 வேண்டும். இரண்டு வாரம் இருக்கிறது. நகை பெட்டியின் அடித்தட்டுக்குத் திரும்பிவிட்டது.